ஆபுத்திரன் கதை வழியாகப் போதிசத்துவர் பாதை: 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

மகாயான பௌத்தத்தில் போதிசத்துவர் என்றால் யார் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வரையறை சொல்லி விளக்கினால் எழுதி வைத்துக்கொள்வான், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவான். மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரையறையே தேவையில்லை. அவர்கள் ஊரிலேயே நடப்பதாக மணிமேகலைக் காப்பியம் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வருவதற்கு முன்னால் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் தெரிந்திருக்காது. அது ஆபுத்திரன் கையில் இருந்தது. அவன் அதைப் பெற்றதும் மதுரையில்தான், அதை வைத்துக்கொண்டு செய்வதறியாது நின்றதும் பாண்டிய நாட்டில்தான்.

அந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் தீர்ந்து, நாட்டில் யாருக்கும் பசி இல்லை என்று ஆனபோது, அதுவரை எல்லாருக்கும் சோறு போட்டவன் எல்லாம் இழந்தவனைப் போல அலைகிறான். பசி ஒழிந்ததற்கு அவன் மகிழ்ந்திருக்க வேண்டாமா? இந்த ஒரு கேள்வியைப் பிள்ளைகள் தாங்களே கேட்கும்படி செய்துவிட்டால், கருணையின் பாதையைப் பற்றி மகாயானம் சொல்வதில் மிகக் கடினமான பகுதிக்குள் அவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியை நோக்கித்தான் போகின்றன. மூன்று பீரியட் ஒதுக்கினால் அவசரமில்லாமல் முடிக்கலாம்.

சொல்லத் தொடங்கும் முன் உங்களுக்குத் தெரிய வேண்டியது

புத்தரின் போதனையில் துன்பத்திலிருந்து விடுபடுவது குறிக்கோள். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் வளர்ந்த மகாயான மரபு, அந்தக் குறிக்கோளை ஒருவர் தமக்காக மட்டும் தேடாமல், எல்லா உயிர்களின் துன்பத்தையும் போக்குவதற்காகவே புத்தராக ஆக வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொள்ளச் சொன்னது. அந்த உறுதியை எடுத்துக்கொண்டு நடப்பவர்தான் போதிசத்துவர். அந்த உறுதிக்குப் போதிசித்தம் என்று பெயர். வகுப்பில் இந்த இரண்டு சொற்கள் போதும். போதிசத்துவர் பழக வேண்டிய பண்புகள் ஆறு என்பார்கள்: தானம், சீலம், பொறுமை, ஊக்கம், தியானம், மெய்யறிவு. ஆறையும் கரும்பலகையில் எழுதினால் பாடம் பட்டியலாகிவிடும். முதலாவதான தானத்தை மட்டும் எடுத்து ஆழமாகப் போங்கள். மற்ற ஐந்தும் கதைக்குள்ளேயே தலைகாட்டும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மகாயானத்தை உயர்த்திக் காட்டுவதற்காக, பௌத்தத்தின் இன்னொரு மரபான தேரவாதத்தைச் "சுயநலப் பாதை" என்று சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையல்ல. தேரவாதத்திலும் போதிசத்துவர் உண்டு. புத்தர் தம் முற்பிறவிகளில் போதிசத்துவராக இருந்து செய்தவற்றைச் சொல்பவைதான் ஜாதகக் கதைகள். புத்தராவதை நோக்கிய அந்த நெடும் பாதையில் எல்லாருமே இறங்கலாம், இறங்க வேண்டும் என்று மகாயானம் வற்புறுத்தியது. வேறுபாட்டை இந்த அளவில் சொன்னால் போதும்.

இன்னொன்றும் கவனம். மணிமேகலை பௌத்தக் காப்பியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எந்தப் பௌத்தப் பிரிவைச் சார்ந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எனவே "ஆபுத்திரன் ஒரு மகாயானப் போதிசத்துவர்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். கதை தமிழ்க் காப்பியத்தின் கதையாகவே இருக்கட்டும். அதன் பக்கத்தில் மகாயானத்தின் கருத்தை வைத்துப் பார்ப்பது நம் வேலை. அந்தக் கருத்துக்கு நான் நம்புவது சாந்திதேவரை. 8-ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் இருந்த துறவி அவர். போதிசத்துவர் நடக்க வேண்டிய வழியைப் போதிசரியாவதாரம் என்ற நூலில் படிப்படியாக எழுதியவர்.

மதுரைக்கே உரிய ஒரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடுங்கள். கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் யானைமலைக்கும் சுற்றுலா போய் வந்த பிள்ளைகள், அங்கே பார்த்த சிற்பங்களைப் புத்தர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவை சமணத் தீர்த்தங்கரர்கள். நீங்கள் சொல்லப் போகும் கதை பௌத்தக் கதை. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். சொல்லாமல் விட்டால் கடைசி வரை குழப்பம் தொடரும்.

முதல் படி: பாத்திரம் கிடைக்கும் முன் இருந்த ஆபுத்திரன்

கதையை நேரே அமுதசுரபியில் தொடங்காதீர்கள். பிள்ளைகளுக்கு மந்திரப் பாத்திரம் மட்டும்தான் நினைவில் நிற்கும். அதற்கு முந்தைய பகுதியை இப்படிச் சொல்லலாம்:

"பிறந்த உடனே தனியாக விடப்பட்ட ஒரு குழந்தை. அழுகிற சத்தம் கேட்டு வந்த ஒரு பசு, ஏழு நாள் அதற்குப் பால் கொடுத்துக் காத்தது. அப்புறம் அந்த வழியாக வந்த ஒருவர் தூக்கிக்கொண்டு போய் மகனாக வளர்த்தார். பசு காத்த பிள்ளை என்பதால் ஆபுத்திரன் என்று பெயர். அவன் வளர்ந்தபின் ஒருநாள், வேள்வியில் பலியிடுவதற்காக ஒரு பசுவைக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தான். அது அஞ்சி நடுங்குவதைப் பார்க்க அவனால் முடியவில்லை. இரவோடு இரவாக அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனான். பிடிபட்டான். அடித்தார்கள். திருடன் என்றார்கள். வளர்த்தவரும் கைவிட்டார். ஊர் ஊராகப் பிச்சைக்குப் போனால் அவன் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லைப் போட்டார்கள். நடந்து நடந்து மதுரைக்கு வந்து சேர்ந்தான். சிந்தாதேவி கோயிலின் முன்னால் இருந்த அம்பலத்தில் தங்கினான். பகலில் வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுப்பான். கிடைத்ததைக் கொண்டு வந்து, கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்கள், கவனிக்க யாரும் இல்லாதவர்கள், நோயாளிகள் எல்லாரும் வாருங்கள் என்று கூப்பிடுவான். அவர்கள் சாப்பிட்டது போக மீதி இருப்பதைச் சாப்பிடுவான். அந்தப் பிச்சைப் பாத்திரத்தையே தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிடுவான்."

இங்கே நிறுத்துங்கள்.

காப்பியத்தில் ஆபுத்திரனின் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தும் வாக்குவாதம் ஒன்று வருகிறது. அதை இந்த வயதில் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் இல்லாத, பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். சாதிப் பேச்சும் வகுப்புக்குள் நுழைந்துவிடும். "பிறப்பைச் சொல்லி ஏசினார்கள்" என்ற ஒரு வரி போதும். கல் போட்ட செய்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்த கேள்வி அதில்தான் நிற்கிறது.

தன் பாத்திரத்தில் கல் போட்ட மனிதர்களைப் பார்த்தவன், தன் கையில் சோறு வந்ததும் யாரை அழைத்தான்? பிள்ளைகள் பட்டியலைத் திருப்பிச் சொல்வார்கள். அப்போது, "அந்தப் பட்டியலில் கல் போட்ட ஊர்க்காரர் ஒருவர் வயதாகி, நோயாகி வந்து உட்கார்ந்திருந்தால்?" என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். சிலர் கொடுக்கக் கூடாது என்பார்கள். கதையில் அவன் எல்லாரையும்தான் அழைக்கிறான், விலக்கு வைக்கவில்லை. போதிசத்துவரின் உறுதியும் எல்லா உயிர்களுக்குமானது. ஒருவரை விட்டுவிட்டால்கூட அது போதிசித்தம் ஆகாது.

இதற்கு மகாயான மரபில் பயிற்சி உண்டு. மிகவும் பிடித்த ஒருவர், பிடித்தவரும் இல்லாத பிடிக்காதவரும் இல்லாத ஒருவர், பிடிக்காத ஒருவர் என்று வரிசையாக மனத்தில் நினைத்து, மூவருக்கும் பசிக்கும், மூவருக்கும் வலிக்கும், மூவரும் நலமாக இருக்க விரும்புகிறார்கள் என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பது. பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள். நடுவில் உள்ளவருக்குப் பெரியார் பேருந்து நிலையத்தில் பார்த்த, பெயர் தெரியாத ஒருவரை நினைக்கச் சொல்லலாம். பிடிக்காதவரின் பெயரை எழுதவோ சொல்லவோ விடாதீர்கள். எழுதினால் தாள் கைமாறும், மாலையில் சண்டை வரும். பிடிக்காதவர் என்பதற்கு, தங்களுக்குப் பெருந்தீங்கு செய்தவரை நினைக்க வேண்டாம், சின்னச் சண்டை போட்டவர் போதும் என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். உண்மையாகவே கொடுமைக்கு ஆளான பிள்ளையிடம் அந்தக் கொடுமைக்காரரை நினைத்துக் கருணை கொள் என்பது இந்தப் பயிற்சியின் நோக்கம் இல்லை. அப்படி ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுத் தனியாகப் பேசுங்கள்.

"அடுத்தவன் வலி எனக்கு வலிக்காதே, நான் ஏன் போக்க வேண்டும்?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். சாந்திதேவர் இதே கேள்வியைத் தானே எழுப்பிப் பதில் சொல்கிறார்: காலில் முள் தைத்தால் வலி காலுக்குத்தான், கைக்கு இல்லை, ஆனாலும் கை போய் எடுக்கிறதே, அது ஏன்? இதை விளக்கி முடிக்காமல் கேள்வியாகவே விடுங்கள். பிள்ளைகள் "கையும் காலும் ஒரே உடம்பு" என்பார்கள். "அப்போ எது வரைக்கும் ஒரே உடம்பு?" என்று கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: பாத்திரம் வந்த இரவு

"ஒருநாள் நள்ளிரவு. இருட்டில் நடந்து வந்த சிலர் அம்பலத்தில் ஆபுத்திரனை எழுப்பினார்கள். பசி தாங்கவில்லை என்றார்கள். பகலில் கிடைத்தது எல்லாம் தீர்ந்துவிட்டது. அவனிடம் ஒரு பருக்கைகூட இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் துடித்தான். அப்போது சிந்தாதேவி தோன்றி, வருந்தாதே, இந்தப் பாத்திரத்தை வைத்துக்கொள், நாடே வறண்டு போனாலும் இது வறளாது, வாங்குகிறவர்கள் கைதான் வலிக்கும் என்று சொல்லிக் கொடுத்தாள். வந்தவர்கள் வயிறார உண்டார்கள். அன்றிலிருந்து அம்பலத்தில் எந்நேரமும் கூட்டம். பழ மரத்தில் பறவைகள் கூடுவது போல மனிதர்களும் விலங்குகளும் பறவைகளும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்."

பிள்ளைகளின் கண் பாத்திரத்தின் மேல் போகும். "எனக்கு அப்படி ஒன்று கிடைத்தால் நானும் கொடுப்பேன்" என்பது இங்கே தவறாமல் வரும் வாக்கியம். அதை மறுக்க வேண்டாம். ஒரு கேள்வி கேளுங்கள்: பாத்திரம் கிடைப்பதற்கு முந்தைய நாள் ஆபுத்திரன் கொடுத்தது குறைவா?

அளவில் குறைவுதான். ஆனால் தானம் என்ற பண்பை அளவால் கணக்கிட முடியாது என்று சாந்திதேவர் ஒரு கூர்மையான வாதத்தால் காட்டுகிறார். உலகத்தின் வறுமையை ஒழிப்பதுதான் தானத்தின் நிறைவு என்றால், உலகில் இன்னும் வறியவர்கள் இருக்கிறார்களே. அப்படியானால் முன்பு இருந்த புத்தர்கள் தானத்தை நிறைவு செய்யவில்லை என்று ஆகிவிடும். எனவே தானத்தின் நிறைவு என்பது, தன்னிடம் உள்ளதையும் அதன் பயனையும் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்கும் மனம்தான் என்கிறார். அதே நூலில் அவர் எடுத்துக்கொள்ளும் உறுதிகளில் ஒன்று, பஞ்ச காலத்தில் தானே உணவாகவும் நீராகவும் ஆக வேண்டும் என்பது. உணவைக் கொடுப்பவனாக என்றில்லை, உணவாகவே.

இந்த வாதத்தில் ஒரு வழுக்கலும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை உடனே, "மனசு இருந்தால் போதும், ஒன்றும் கொடுக்க வேண்டாம்" என்று முடிவுகட்டிவிடும். முந்தைய நாள் ஆபுத்திரன் என்ன செய்தான் என்று நினைவூட்டுங்கள். வீடு வீடாக ஏறி இறங்கினான். மனம் இருந்ததற்கு அதுதான் அடையாளம்.

மூன்றாம் படி: இந்திரன் வந்து கேட்டது

இதைக் கொஞ்சம் நடித்தே சொல்லலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆபுத்திரனின் அறத்தால் தேவர் உலகத்தில் இந்திரனின் இருக்கை ஆட்டம் கண்டது. வளைந்த முதுகும் கையில் தடியுமாக ஒரு முதியவர் வடிவில் இந்திரன் வந்தான். "நான் இந்திரன். நீ செய்த தானத்துக்குப் பயன் தர வந்திருக்கிறேன். என்ன வேண்டும்?" என்றான். ஆபுத்திரன் விலா நோகச் சிரித்தான். உங்கள் உலகத்தில், செய்த நல்லதன் பயனை உட்கார்ந்து அனுபவிக்கிறவர்கள்தானே இருக்கிறார்கள், அங்கே அறம் செய்கிறவர் உண்டா, ஆதரவற்றவரைக் காக்கிறவர் உண்டா என்று கேட்டான். பசியோடு வந்தவர்களின் பசியைத் தீர்த்து, அவர்களின் மலர்ந்த முகத்தை இந்தப் பாத்திரம் எனக்குக் காட்டுகிறது. இதைவிட உன்னால் என்ன தர முடியும் என்றும் கேட்டான்.

பலன் கேட்காமல் கொடுப்பது என்ற கருத்து இங்கே எளிதாகப் புரிந்துவிடும். சொர்க்கத்துக்காகக் கொடுப்பது வணிகம்; போதிசத்துவர் அதை நாடுவதில்லை. இதில் நேரம் செலவிட வேண்டாம். நேரம் செலவிட வேண்டியது அவன் சொன்ன இன்னொரு சொல்லில்: மலர்ந்த முகம். ஆபுத்திரன் இந்திரனிடம் ஒன்றும் வேண்டாம் என்றான். ஆனால் அவனுக்கு ஒன்று வேண்டியிருந்தது. பசி தீர்ந்த முகத்தைப் பார்க்கும் இன்பம். கரும்பலகையில் "முகம்" என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு அன்றைய பீரியடை முடித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மழை

"இந்திரனுக்குக் கோபம். இவனுக்குக் கொடுக்க முடியாவிட்டால் இவனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாமே! பன்னிரண்டு ஆண்டுகளாக மழையில்லாமல் கிடந்த பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டச் செய்தான். வயல் விளைந்தது. வீட்டுக்கு வீடு நெல். அம்பலத்துக்கு யாரும் வரவில்லை. பசித்தவர்கள் உட்கார்ந்த இடத்தில் வேலையற்றவர்கள் உட்கார்ந்து சூதாடினார்கள், வம்பு பேசினார்கள். ஆபுத்திரன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனான். சாப்பிடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டான். யார் இவன் என்று சிரித்தார்கள். கடலில் செல்வம் எல்லாம் மூழ்கிப் போய்த் தனியாகக் கரையேறியவனைப் போல அவன் நின்றான்."

கதையை நிறுத்தி அமைதியாக இருங்கள். யாராவது ஒருவர் கேட்பார்: எல்லாருக்கும்தான் சோறு கிடைத்துவிட்டதே, அவனுக்கு ஏன் வருத்தம்?

யாரும் கேட்காவிட்டால் நீங்கள் கேட்கலாம், ஆனால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். வரும் பதில்கள் இரண்டு வகையாக இருக்கும். ஒன்று, "பாத்திரம் வீணாகிறதே என்று வருந்தினான்." இன்னொன்று, "இப்போது அவனை யாரும் தேடவில்லை, அதனால் வருந்தினான்." இரண்டாவது பதிலைச் சொல்லும் பிள்ளை பெரும்பாலும் தயங்கித்தான் சொல்லும், நல்லவனைக் குறை சொல்கிறோமோ என்று. அதைப் பாராட்டி மேலே எடுத்துச் செல்லுங்கள். முதல் பதிலையும் தள்ளிவிடாதீர்கள். காப்பியம் ஆபுத்திரனைக் குறை சொல்லவில்லை. அவன் வருத்தத்தில் இரண்டும் கலந்திருக்கலாம்.

மகாயானம் இந்த இடத்தில் மூன்று பிடிகளைப் பற்றிப் பேசுகிறது. கொடுக்கும்போது மனம் மூன்றைப் பிடித்துக்கொள்கிறது: கொடுக்கிறவன் நான், வாங்குகிறவன் அவன், கொடுத்தது என் பொருள். மெய்யறிவைப் பற்றிப் பேசும் பிரஞ்ஞாபாரமிதை நூல்கள் சொல்வது, இந்த மூன்று பிடியும் தளர்ந்தால்தான் தானம் தூய்மையாகும் என்பது. பிள்ளைகளுக்கு இதைத் தத்துவமாகச் சொல்ல வேண்டாம். மூன்று கேள்விகளாக மாற்றிக் கொடுங்கள். நான் கொடுத்தது யாருக்கும் தெரியாமல் போனாலும் பரவாயில்லையா? வாங்கியவர் நன்றி சொல்லாவிட்டாலும், நாளை என்னைத் தேடாவிட்டாலும் பரவாயில்லையா? கொடுத்த பொருளை அவர் தன் விருப்பப்படி பயன்படுத்தினாலும் பரவாயில்லையா? ஆபுத்திரனை இந்த மூன்றிலும் நிறுத்திப் பாருங்கள். முதல் கேள்வியிலும் மூன்றாவதிலும் தேறிவிடுகிறான், புகழைத் தேடியதாகக் கதையில் எங்கும் இல்லை. இரண்டாவதில்தான் தடுக்கிறது. அவனுக்கு அந்த முகங்கள் வேண்டும்.

மதுரைப் பிள்ளைகளுக்கு இதற்கு நேரான எடுத்துக்காட்டு ஒன்றை நான் எப்போதும் சேர்ப்பேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது. அதற்கு முன்பு ஒரு தெருவில், காலையில் சாப்பிடாமல் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டி நாள்தோறும் இட்லி கொடுத்துவந்தார் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் வந்ததும் பிள்ளைகள் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள், பாட்டி வீட்டுக்கு வருவதில்லை. பாட்டிக்கு என்ன தோன்றும்? என்ன தோன்ற வேண்டும்? பிள்ளைகள் மிகவும் நேர்மையாகப் பதில் சொல்வார்கள். வெறுமையாக இருக்கும், ஆனால் சந்தோஷப்படவும் வேண்டும் என்பார்கள். பிறர் நலத்தைக் கண்டு மகிழ்வதற்குப் பௌத்தத்தில் முதிதை என்று பெயர். கருணையோடு சேர்த்தே பழக வேண்டிய மனநிலை அது. கருணை மட்டும் இருந்து முதிதை இல்லையென்றால், கொடுக்கிறவனுக்குப் பசித்தவர்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருப்பார்கள்.

சரி, பசி இல்லாத நாட்டில் போதிசத்துவருக்கு வேலை இல்லையா? இங்கே தானத்தின் மூன்று வகைகளைச் சொல்லலாம். பொருள் கொடுப்பது ஒன்று. அஞ்சியவருக்கு அச்சம் போக்குவது இரண்டாவது, அபயம். வழி தெரியாதவருக்கு அறம் சொல்வது மூன்றாவது. ஆபுத்திரன் பசுவை அவிழ்த்துவிட்ட இரவில் கொடுத்தது எது என்று கேளுங்கள். சோறு இல்லை, அபயம். சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும், அது நல்ல அறிகுறி. அப்புறம் அம்பலத்துக்குத் திரும்புங்கள். அங்கே சூதாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு வயிறு நிறைந்திருந்தது. அவர்களுக்கு எதுவுமே குறையவில்லையா? நான்கு நான்கு பேராகப் பிரித்து, அந்த அம்பலத்தில் ஆபுத்திரன் மறுநாள் என்ன செய்திருக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். "சூதாட்டத்தை நிறுத்தச் சொல்லித் திட்டியிருக்கலாம்" என்று ஒரு குழு எழுதும். திட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். எழுந்து வேறு இடத்துக்குப் போவார்கள். கேட்பவரின் நிலைக்கு ஏற்ப வழியை மாற்றிக்கொள்ளும் திறமையை மகாயானம் உபாயம் என்கிறது. "உட்கார்ந்து அவர்களோடு பேசியிருக்கலாம்", "கதை சொல்லியிருக்கலாம்" என்று எழுதும் குழு அதைத் தொட்டுவிட்டது.

ஐந்தாம் படி: மணிபல்லவத்தை எப்படிச் சொல்வது

மிகவும் கவனமாகச் சொல்ல வேண்டிய பகுதி இது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு ஆபுத்திரன் கப்பல் ஏறினான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத் தீவில் ஒருநாள் நின்றது. அவன் இறங்கியதை அறியாமல் இரவில் கப்பல் போய்விட்டது. தீவில் வேறு யாரும் இல்லை. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில், உண்ண அவன் ஒருவன். பலரைக் காக்கும் பாத்திரத்தால் தன் ஒருவனை மட்டும் காத்துக்கொள்ள அவனுக்கு மனமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்பட்டு, அருள் உள்ளவர் கையில் சேர்க என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டான். அந்தத் தீவிலேயே அவன் வாழ்வு முடிந்தது.

இந்த அளவோடு நிறுத்துங்கள். அவன் உண்ணாமல் இருந்து இறந்ததாகத்தான் காப்பியம் சொல்கிறது. இந்த வயதில் அதை உயர்ந்த செயலாக வருணிக்கக் கூடாது. யாராவது கேட்டால் மறைக்காமல், ஆனால் உறுதியாக, மகாயானம் வைத்திருக்கும் வரம்பைச் சொல்லுங்கள். சிறிய காரணத்துக்காக உடலை வருத்தாதே, இந்த உடலால்தான் பிறருக்கு உதவ முடியும் என்று சாந்திதேவர் சொல்கிறார். கருணை முதிராதவர் உயிரைக் கொடுக்கத் துணியக் கூடாது என்று வெளிப்படையாகவே தடுக்கிறார். தானத்தைக் காய்கறி போன்ற எளிய பொருளைக் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். "அப்போ ஆபுத்திரன் சாப்பிட்டுவிட்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருந்திருக்கலாமே" என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆமாம், அதுதான் அந்த வரம்பு என்று தயங்காமல் சொல்லுங்கள். பாடம் முடிந்தபின் எந்தப் பிள்ளையாவது சாப்பாட்டைத் தவிர்ப்பதாகவோ, "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லது" என்பது போலவோ பேசினால் அன்றே தனியாக உட்கார்ந்து கேளுங்கள், வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆபுத்திரன் சாவக நாட்டில் புண்ணியராசன் என்ற அரசனாக மறுபடி பிறந்தான் என்று கதை தொடர்கிறது. அவன் செல்ல விரும்பிய அதே நாடு. மறுபிறவியை நம்பாத, வேறு சமயத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் "கதை இப்படிச் சொல்கிறது" என்ற தொனியில் சொன்னால் போதும்.

ஆறாம் படி: ஒரு வாரப் பயிற்சி

சாந்திதேவர் காய்கறியில் தொடங்கச் சொன்னாரே, அந்த அளவிலேயே தொடங்கலாம். ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு முறை, யாருக்கும் தெரியாமல் ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும். பொருளாகவும் இருக்கலாம், அபயமாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு மூன்று கேள்விகளையும் தன்னையே கேட்டு, எந்தக் கேள்வியில் மனம் தடுக்கியது என்று மட்டும் ஒரு வரி எழுத வேண்டும். யாருக்கு, எதை என்று எழுதக் கூடாது.

உதாரணத்துக்கு, எழுதுபொருள் இல்லாமல் வரும் தோழியின் பையில் ஒரு பேனாவை வைத்துவிடுகிறாள் ஒருத்தி. அந்தத் தோழி அதை எடுத்து எழுதுகிறாள். யார் கொடுத்தது என்று தெரியாது. முதல் நாள் இனிமையாக இருக்கிறது. இரண்டாம் நாள் அதே பேனாவைத் தோழி வேறொருத்திக்கு இரவல் கொடுத்துவிடுகிறாள். கொடுத்தவளுக்குச் சுருக்கென்று தைக்கிறது. "மூன்றாவது கேள்வியில் தடுக்கியது" என்று எழுதுகிறாள். இந்த ஒரு வரி எழுத முடிந்தால் பயிற்சி பலித்துவிட்டது. தடுக்கவே இல்லை என்று எல்லாரும் எழுதினால் உங்களுக்குப் பிடித்ததை எழுதுகிறார்கள் என்று பொருள். மதிப்பெண் கிடையாது என்று மறுபடி சொல்லி, இன்னொரு வாரம் கொடுங்கள். படம் எடுத்துக் குழுவில் போடுவது, வகுப்பின் முன்னால் கொடுக்க வைப்பது, அதிகம் கொடுத்தவருக்குப் பரிசு, இவை மூன்றும் வேண்டாம். வாங்குகிற பிள்ளை தலை குனிந்துவிட்டால் அங்கே தானமே நடக்கவில்லை.

இந்தப் பாடத்தை முடித்தபின் பெரும்பாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: "அப்போ இந்திரன் நல்லவனா? அவன் பெய்வித்த மழைதானே பாத்திரத்தைவிட அதிகம் பேருக்குச் சோறு போட்டது?" இது வந்தால் மகிழ்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். பௌத்தத்தில் ஒரு செயலை எடைபோடும்போது எண்ணம்தான் முதலில் பார்க்கப்படும். இந்திரன் மழையை அனுப்பியது ஆபுத்திரனை வெறுமையாக்க. ஆனால் அந்த மழையில் விளைந்த நெல் மெய்யானது, உண்டவர்களின் பசி தீர்ந்ததும் மெய்யானது. எண்ணம் நன்றாக இருந்து விளைவு சிறியதாக இருப்பது, எண்ணம் கெட்டிருந்து விளைவு பெரிதாக இருப்பது, இரண்டையும் கரும்பலகையின் இரு பக்கமும் எழுதி, போதிசத்துவர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். நல்ல எண்ணம் உள்ளவன் மழை வந்ததைக் கண்டும் மகிழ்ந்தால் என்ன ஆகும் என்று யாராவது இரண்டையும் இணைத்துக் கேட்கும் வரை விவாதத்தை ஓடவிடலாம்.